காலைக் கூட்டத்துக்கு எந்த எஸ்பிரெஸோ மெஷின்?

காப்பி இறக்கும் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியில் இருக்க வேண்டும். பாலை நுரைக்கும் ஆவிக்கோ பாய்லர் 120 டிகிரியைத் தாண்ட வேண்டும். இந்த இரண்டையும் மெஷின் எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் வித்தியாசமெல்லாம்.

சிங்கிள் பாய்லரில் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. காப்பியை இறக்கி, ஆவி சுவிட்சைத் தட்டி, சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பாய்லர் சிறியது என்பதால் ஆவியும் சீக்கிரம் தளர்ந்துவிடும். நுரைத்து முடித்ததும் தண்ணீரை ஓடவிட்டு ஆற்றாமல் அடுத்த காப்பியை இறக்கினால் கருகிய கசப்புதான் வரும். மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டில் கணவன், மனைவி இரண்டு பேர் குடிக்க இது தாராளம். நாலு விருந்தாளி வந்துவிட்டால் கடைசிக் கோப்பைக்குப் பால் தயாராகும்போது முதலில் இறக்கியது ஆறிப்போயிருக்கும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பெரிய பாய்லர் எப்போதும் ஆவிச் சூட்டிலேயே இருக்கும். அதன் நடுவே போகும் ஒரு குழாயில் புதுத் தண்ணீர் ஓடி, போகிற போக்கில் சூடாகி காப்பிக்கு வருகிறது. அதனால் காப்பி இறங்கும்போதே பாலையும் நுரைக்கலாம்.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு வரும் கூட்டத்தை நம்பி ஒரு கடை இருக்கிறது என்று வையுங்கள். கூட்டம் வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். அப்படியே இறக்கினால் முதல் கப் கசக்கும். அதனால் ஃபில்டரை மாட்டும் முன் வெறும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். முதலில் 'புஸ்ஸ்' என்று சீறித் தெறிக்கும். சீறல் அடங்கி நூல் பிடித்த மாதிரி ஒழுகும்போது, இன்னும் ஓரிரு நொடி விட்டு நிறுத்தினால் சரி. வரிசையாக கப் போய்க்கொண்டிருந்தால் இது அநேகமாகத் தேவைப்படாது. ஆனால் ஆவி போதவில்லை என்று பிரஷரை ஏற்றினால் காப்பித் தண்ணீரும் கூடவே சூடேறும். அதைத் தவிர்க்க வழியில்லை.

அந்தப் பிணைப்பை அறுப்பதுதான் டூயல் பாய்லர். காப்பிக்கு ஒன்று, ஆவிக்கு ஒன்று. 92 என்று வைத்தால் காப்பிப் பக்கம் ஏறக்குறைய அங்கேயே நிற்கும், ஆவியை எவ்வளவு ஏற்றினாலும் கவலையில்லை. லேசாக வறுத்த கொட்டைக்கு ஓரிரு டிகிரி கூட ருசியை மாற்றும் என்பதால் அங்கே இதற்கு மதிப்பு உண்டு. நம்மூரில் கறுக்க வறுத்த தூளில் பாலும் சீனியும் தாராளமாய்ச் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு அந்த நுணுக்கம் நாக்கில் தட்டாது. அவர்களுக்கு வேண்டியது ஆவி. என் ஓட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு.

அப்புறம் கரண்ட். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் ஹீட்டரின் பலம் கால் பங்கு குறைந்துவிடும். மெஷின் எதுவானாலும் ஆவி மந்தமாகும். பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பிளக்கில் வோல்ட்டேஜ் பாருங்கள்.