எஃப்ஓசி கன்ட்ரோலர்: டெமோவுக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

டர்பனில் இறுதியாண்டு பவர் எலக்ட்ரானிக்ஸ் ப்ராஜெக்டாகக் கட்டி, மதிப்பெண் வாங்கிய பிறகும் நிறுத்தாமல் ஓட்டிவரும் பிரஷ்லெஸ் மோட்டார் கன்ட்ரோலரைப் பற்றியது இந்தப் பகிர்வு. எஃப்ஓசி என்பது ரோட்டரின் கோணத்தைப் பார்த்து மூன்று ஃபேஸ் மின்னோட்டங்களையும் கட்டுப்படுத்தும் ஃபீல்ட் ஓரியன்டட் கன்ட்ரோல் முறை. STM32G431 சிப், 7 ஜோடி துருவங்கள் கொண்ட 5065 வகை அவுட்ரன்னர் மோட்டார், தண்டின் நுனியில் காந்த என்கோடர், ஆறு செல் லித்தியம் பேட்டரி. லோட்ஷெடிங் நேரத்திலும் சோதனை நிற்காது என்பது பேட்டரியால் கிடைத்த வசதி. அதைவிட முக்கியமான காரணம் வேறு: பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பித் தள்ளும் மின்சாரத்தைச் சாதாரண லேப் சப்ளை வாங்கிக்கொள்ளாது. போக வழியில்லாமல் பஸ் வோல்டேஜ் எகிறி, மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் மாஸ்ஃபெட் ஸ்விட்சுகளைக் கொண்டுபோய்விடும்.

இந்த ப்ராஜெக்டில், ஃபேஸ் மின்னோட்டங்களை ரோட்டரோடு சுழலும் இரண்டு அளவுகளாக மாற்றும் கிளார்க், பார்க் கணக்குகள் தொல்லை தருவதில்லை. மின்னோட்டத்தை அளப்பதுதான் தொல்லை. ஒவ்வொரு ஃபேசின் கீழ் மாஸ்ஃபெட்டுக்கும் தரைக்கும் நடுவே மின்னோட்டத்தை அளக்க ஷன்ட் எனும் 5 மில்லிஓம் சிறு தடை இருக்கிறது; ஆம்ப்ளிஃபையர் அதை 20 மடங்கு பெருக்குகிறது. ஆக 1 ஆம்பியருக்கு 0.1 வோல்ட். நடுப்புள்ளி 1.65 வோல்ட் என்பதால் இரு பக்கமும் சுமார் 16 ஆம்பியர் வரை அளக்கலாம்.

கீழ் மாஸ்ஃபெட் திறந்திருக்கும்போது மட்டுமே ஷன்ட் வழியாக ஃபேஸ் மின்னோட்டம் போகும். மூன்றும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரத்தின் நட்டநடுவில் அளந்தால், ஸ்விட்சிங் சத்தமும் குறைவு, ஏற்ற இறக்கத்தின் சராசரியும் தானாகக் கிடைக்கும். சென்டர் அலைன்ட் பிடபிள்யூஎம்மில் அந்த நடுப்புள்ளி டைமர் உச்சிக்கு ஏறும் இடம். 170 மெகாஹெர்ட்ஸில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு:

```c
TIM1->ARR  = 4250;
TIM1->RCR  = 1;
TIM1->CCR4 = 4240;
```

நான்காம் சேனலை பிடபிள்யூஎம் மோடு 2இல் வைத்து, அதன் ஏறுமுனையால் ஏடிசியைத் தட்டிவிட வேண்டும். தவறிப்போய் டைமரின் அடிப்பகுதியில் தட்டினால் அங்கே மேல் மாஸ்ஃபெட்டுகள்தான் திறந்திருக்கும். அளவு சுழியை விட்டு நகராது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் லூப்போ மின்னோட்டமே வரவில்லை என்று வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். மோட்டார் இறுக்கமாக நின்று சுடுகிறது, திரையில் சுழி ஆம்பியர் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மேல் மாஸ்ஃபெட் திறந்திருக்கும் பங்கான டியூட்டி கூடக்கூட, அளக்கக் கிடைக்கும் அந்த இடைவெளி சுருங்கும். மொத்தச் சுற்று 50 மைக்ரோசெகண்ட். 90 சதவீதத்தில் கீழ்ப்பக்கத்துக்கு மிஞ்சுவது 5; அதில் பாதி, அதாவது 2.5 போனதும் அளக்கிறோம். இரண்டு மாஸ்ஃபெட்டும் மூடியிருக்கும் டெட் டைம் 0.5 போக 2 மைக்ரோசெகண்டில் ஆம்ப்ளிஃபையர் நிலைக்கு வந்துவிடும். 95 சதவீதத்தில் 0.75தான் மிஞ்சும், அது போதாது. உச்ச வேகத்தில் திடீரென மோட்டார் கரகரப்பது இதனால்தான். டியூட்டியை 90இல் கட்டிப்போட்டால் உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நிம்மதியாக ஓடும்.

லூப்பின் பிஐ மதிப்புகளான கேபி, கேஐ இரண்டையும் ஊகித்துத் தேட வேண்டியதில்லை. ஒரு ஃபேசுக்கு 0.05 ஓம், 40 மைக்ரோஹென்றி என்று அளந்தோம். 500 ஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் வேண்டுமென்றால் அது நொடிக்கு 3142 ரேடியன். இண்டக்டன்ஸை அதனால் பெருக்கினால் கேபி 0.126, தடையைப் பெருக்கினால் கேஐ 157. இந்த மதிப்புகளைப் பிறகு மாற்றவே தேவைப்படவில்லை.

நெடுநாள் ஓட்டத்தில் தலைகாட்டியது ஒரு முனகல். டர்பன் கோடையில் போர்டு சூடேறியதும் மெதுவான வேகத்தில் மோட்டார் விட்டுவிட்டு உதறும். இதை, முறுக்குவிசை தரும் மின்னோட்டமான ஐக்யூவின் வரைபடத்தில் தேடுவது வீண். லூப் தவறான அளவையே சமன்செய்வதால் ஐக்யூ கோடு போட்டாற்போல நேராக இருக்கும். உதறல், அதற்காக லூப் கொடுக்கும் வோல்டேஜான விக்யூவில்தான் தெரியும். நிமிடத்துக்கு 60 சுற்றில் ஓட்டி அந்த அலையை எண்ணுங்கள். 7 ஹெர்ட்ஸ் என்றால் ஏதோ ஒரு ஃபேசின் ஆஃப்செட், அதாவது சுழி ஆம்பியரில் காட்டும் அளவு, நகர்ந்திருக்கிறது. 14 ஹெர்ட்ஸ் என்றால் ஃபேசுகளின் கெயின் ஒத்துப்போகவில்லை. நொடிக்கு ஒன்று என்றால் என்கோடர் காந்தம் மையம் விலகியிருக்கிறது.

எங்களுக்கு வந்தது 7. ஆம்ப்ளிஃபையர் உள்ளீட்டில் 1 மில்லிவோல்ட் நகர்ந்தாலே 0.2 ஆம்பியர் பிழை. சுமையில்லாமல் சுழலும் மோட்டாருக்கு அது பெரிய பங்கு. பவர் போடும்போது ஒருமுறை மட்டும் ஆஃப்செட் எடுத்ததுதான் குறை. இப்போது மோட்டார் முழுதாக நின்று பிடபிள்யூஎம் அணைந்திருக்கும் ஒவ்வொரு முறையும் 1024 அளவுகளின் சராசரியைப் புதிதாக எடுக்கிறது. சூடான போர்டிலும் உதறல் போய்விட்டது.

14 ஹெர்ட்ஸ் வந்திருந்தால் மென்பொருளில் சரிசெய்வதைவிட போர்டைத் திருத்துவது மேல். ஒரு அவுன்ஸ் செம்பில் ஒரு சதுரத்துக்கு அரை மில்லிஓம் தடை. அளவுக் கம்பியை ஷன்டுக்கு இரண்டு சதுரம் தள்ளி எடுத்தால் அந்த ஃபேஸ் மட்டும் 20 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஷன்டின் இரு பட்டைகளின் உள்விளிம்பிலிருந்தே நேராக இரண்டு தனி ட்ராக் இழுங்கள்.