வினைமுற்றை மாற்றினால் போதுமா? அறிக்கை எழுத மூன்று வழிகள்

அதிகாரிகளுக்குத் தமிழில் அறிக்கை எழுத உட்காருகிறவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பேசுவதை அப்படியே எழுதிச் சொல்லின் ஈறுகளை மட்டும் திருத்துவது ஒன்று. அலுவலகக் கடிதங்களில் பார்த்த ‘மேற்படி’, ‘இதன்பொருட்டு’ நடையைக் கடன் வாங்குவது மற்றொன்று. பேச்சில் உள்ள தகவலைப் பிரித்தெடுத்து, எளிய எழுத்துத் தமிழில் வாக்கியத்தைப் புதிதாகக் கட்டுவது மூன்றாவது. ஒரே செய்தியை மூன்றிலும் எழுதிப் பார்ப்போம். கற்பனைச் செய்திதான். வாய்மொழியில் அது இப்படி இருக்கிறது:

“போன வாரம் மழை பெஞ்சதுல பாலத்தோட கைப்பிடிச் சுவர் இடிஞ்சிடுச்சு. ஒரு பையன் சைக்கிளோட விழப் பார்த்தானாம். ஆபீஸ்ல போய்ச் சொன்னோம். அவங்க ஆள் அனுப்புறேன்னு சொன்னாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை.”

முதல் வழியில் போனால் கிடைப்பது இது:

“போன வாரம் மழை பெய்ததில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடிந்துவிட்டது. ஒரு பையன் சைக்கிளுடன் விழப் பார்த்தானாம். அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். அவர்கள் ஆள் அனுப்புகிறோம் என்று சொன்னார்கள். இதுவரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.”

பிழை எதுவும் இல்லை. படிக்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சின் மங்கலான இடங்கள் அத்தனையும் எழுத்தில் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டன. ‘அவங்க சொன்னாங்க’ என்பதைப் பாருங்கள். பேச்சுத் தமிழில் அது பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும். எழுத்துத் தமிழ் அந்த வசதியைத் தருவதில்லை. ‘கூறினார்’ அல்லது ‘கூறினார்கள்’, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மூலத்தில் ‘அனுப்புறேன்’ என்று இருந்ததால் வாக்குக் கொடுத்தவர் ஒரே ஆள் என்பது தெரிகிறது. ஈறுகளைத் திருத்தியவர் ‘அவர்கள்’ என்று எழுதிய கையோடு அதையும் ‘அனுப்புகிறோம்’ என்று மாற்றிவிட்டார். ஒரு தனி மனிதர் கொடுத்த வாக்கு ஓர் அலுவலகமே கொடுத்த வாக்காகிவிட்டது. நாளை விசாரணை வந்தால் ‘அப்படி யார் சொன்னது?’ என்ற முதல் கேள்விக்கே அறிக்கையில் விடை இருக்காது.

‘மழை பெய்ததில்’ என்பதும் இதே வகைதான். மழையின்போது இடிந்ததா, மழையால் இடிந்ததா? பேச்சில் ‘-இல்’ இரண்டையும் சுமக்கும். கேட்பவர் சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்டுக்கொள்வார். கோப்பைப் படிப்பவரால் அப்படிக் கேட்க முடியாது. காரணம் மழையா, கட்டுமானக் குறைபாடா என்பது பொறியாளர் ஆராய்ந்து சொல்ல வேண்டியது. எழுதுபவர் போகிற போக்கில் அதற்குத் தீர்ப்பு வழங்கிவிடக் கூடாது.

இரண்டாம் வழிக்கு வருவோம். பலருக்கும் இதுதான் ‘சரியான’ நடை என்ற எண்ணம்:

“மேற்படி பாலத்தின் கைப்பிடிச் சுவரானது கனமழையின் காரணமாக இடிந்து விழுந்த நிலையில், இதன்பொருட்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் முறையீடு செய்யப்பட்டும், இதுநாள் வரை எவ்வித நடவடிக்கையும் மேற்கொள்ளப்படாத நிலை உள்ளது என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவரப்படுகிறது.”

கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இடிந்தது எப்போது, முறையிட்டது யார், எந்த அலுவலகத்தில்? எதுவுமே இல்லை. ‘செய்யப்பட்டும்’, ‘மேற்கொள்ளப்படாத’ என்று ‘படு’ வந்து ஒட்டும் இடத்தில் எல்லாம் செய்தவர் வாக்கியத்தைவிட்டு வெளியேறிவிடுகிறார். ‘சம்பந்தப்பட்ட’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் அலுவலகமே ஒளிந்துகொள்கிறது. சாதாரண மழை, நடையின் மிடுக்குக்காகக் ‘கனமழை’ ஆகிவிட்டது. பேச்சில் மங்கலாக இருந்த காரணமும் ‘காரணமாக’ என்று உறுதியாகிவிட்டது. சைக்கிளில் வந்த பையனையோ காணவே காணோம். அவசரத்தைக் காட்டும் ஒரே தகவல் அவன்தான்.

இந்த நடையில் அடிக்கடி விழும் ஓர் இலக்கணப் பிழையும் மேலே உள்ள வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. ‘என்பதை… கொண்டுவரப்படுகிறது’ என்பது தவறு. செயப்பாட்டு வினை வந்தால் ‘என்பது… கொண்டுவரப்படுகிறது’ என்றோ, செய்வினையில் ‘என்பதை… கொண்டுவருகிறோம்’ என்றோ முடிய வேண்டும். வாக்கியம் நீண்டுகொண்டே போனதில் தொடக்கத்தில் எந்த உருபு போட்டோம் என்பது எழுதியவருக்கே மறந்துவிடுகிறது.

இந்த நடையை முழுவதும் ஒதுக்கவும் வேண்டாம். பெறுநர், பொருள், பார்வை என்ற தலைப்பகுதி அதற்கு உரிய இடம். பழைய கடிதத்தின் எண்ணும் தேதியும் ‘பார்வை’யில் இருந்தால் கோப்பைத் தேடுவது எளிது. கடிதத்தின் உடற்பகுதிக்குள் அந்த நடையை இறக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

பேச்சில் விடுபட்ட தேதி, இடம், ஆள் விவரங்களைக் கேட்டு நிரப்பிய பின், மூன்றாம் வழியில் அதே செய்தி:

“ஜூன் 12 இரவு மழை பெய்தது. மறுநாள் காலை 6 மணிக்குப் பாலத்தின் வடபுறக் கைப்பிடிச் சுவர் சுமார் 4 மீட்டர் நீளத்துக்கு இடிந்து கிடப்பதைப் பார்த்தோம். அன்று மாலை சைக்கிளில் சென்ற சிறுவன் ஒருவன் அந்த இடைவெளியில் விழ இருந்ததாகப் பாலத்தருகே வசிக்கும் பெண் ஒருவர் எங்களிடம் தெரிவித்தார். ஜூன் 14 அன்று நாங்கள் மூவர் பொறியாளர் அலுவலகத்துக்கு நேரில் சென்று முறையிட்டோம். அங்கிருந்த எழுத்தர், ஆள் அனுப்புவதாகக் கூறினார். ஜூன் 20 மாலை வரை யாரும் வந்து பார்வையிட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை.”

இதில் ஒரு கடினமான சொல்கூட இல்லை. மாறியிருப்பது வேறு. பேச்சில் ‘பார்த்தானாம்’ என்ற சொல்லின் கடைசியில் ஒட்டியிருந்த ‘ஆம்’ என்ன வேலை செய்தது என்று கவனியுங்கள். ‘நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்பதை அந்த ஓர் அசையே சொல்லிவிட்டது. அறிக்கையில் ‘ஆம்’ வம்புப் பேச்சுபோல ஒலிக்கும் என்று அதை வெட்டி எறிந்து, ‘விழ இருந்தான்’ என்று எழுதுபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் கேட்டது பார்த்ததாகிவிடும். ‘ஆம்’ போகும் இடத்தில் சொன்னவரும் ‘தெரிவித்தார்’ என்ற வினையும் வந்தே தீர வேண்டும். ஒன்றைச் சேர்க்காமல் மற்றதை நீக்கக் கூடாது.

‘இடிஞ்சிடுச்சு’ என்பதில் உள்ள ‘விடு’வும் இப்படித்தான். அதில் ஓர் அங்கலாய்ப்பு இருக்கிறது. பேச்சுக்கு அது அழகு, அறிக்கைக்குத் தேவையில்லை. ஆனால் நீக்கிய பிறகு ‘இடிந்தது’ என்பதா, ‘இடிந்து கிடந்தது’ என்பதா? சுவர் விழும் கணத்தில் நேரில் இருந்தால் முதலாவது, விழுந்த பிறகு போய்ப் பார்த்திருந்தால் இரண்டாவது. ‘எட்டிப் பார்க்கலை’ என்ற குத்தல் ‘பார்வையிட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை’ என்று மாறியதும் பணிவுக்காக அல்ல. இரவு பகலாகப் பாலத்தடியில் யாரும் காவல் இருக்கவில்லை; நாம் இல்லாத நேரத்தில் யாராவது வந்து போயிருந்தால் ‘வரவில்லை’ என்ற ஒரு சொல் அறிக்கை முழுவதையும் ஐயத்துக்கு இடமாக்கிவிடும்.

என் வாக்கு மூன்றாம் வழிக்குத்தான். ஆனால் நேராக அதில் இறங்குவதைவிட முதல் வழியில் ஒரு வரைவு எழுதிக்கொண்டு வருவதே நல்லது. யார் பார்த்தது, யார் சொல்லக் கேட்டது, எத்தனை பேர் போனது என்ற தடயங்கள் எல்லாம் பேச்சில்தான் இருக்கின்றன. இரண்டாம் வழியில் தொடங்கியவரிடம் அந்தத் தடயங்கள் இருக்காது. பிறகு என்ன திருத்தினாலும் அவை திரும்ப வரப்போவதில்லை. வரைவில் ‘அவர்கள்’, ‘ஆம்’, ‘போன வாரம்’, ‘அங்கே’ போன்றவற்றுக்குக் கீழே கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆளையும் தேதியையும் இடத்தையும் நிரப்புங்கள். நிரப்ப முடியாததை ‘சரியான நேரம் தெரியவில்லை’ என்று வெளிப்படையாக எழுதலாம்.

கடைசி வாக்கியமான வேண்டுகோளிலும் இதே வேறுபாடுதான். முதல் வழி ‘சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்’ என்று முடியும். இரண்டாம் வழி ‘ஆவன செய்யுமாறு’ என்று முடியும். அதற்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். மூன்றாம் வழி இப்படிக் கேட்கும்: “இடிந்த பகுதியில் உடனடியாகத் தற்காலிகத் தடுப்பு வைக்கவும், சுவரை மீண்டும் கட்டுவதற்கான தேதியை எழுத்து மூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.”