மினி லாரி டிரைவர் வேலைக்கு நான் அனுப்பும் மெசேஜ்: சில வருட அனுபவம்

கம்பெனி மாறும்போதெல்லாம், ஆக்டிங் டிரைவராகப் போகும்போதும், வாட்ஸ்அப்பில் ஒரே மெசேஜைத்தான் அனுப்புகிறேன். அவ்வப்போது ஒரு வரி மாறும், அவ்வளவுதான். இப்போது இருப்பது இது:

"வணக்கம் சார். மினி லாரி டிரைவர் வேலைக்கு. வீடு கொரட்டூர். எல்எம்வி டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ், 2029 மார்ச் வரை. டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் ஓட்டியிருக்கிறேன், இப்போது தோஸ்த். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பாரிமுனை, சவுகார்பேட்டை கடை டெலிவரி, மாதவரம், செங்குன்றம் குடோன், ஒரகடம் கம்பெனி லோடு பழக்கம். சலானில் சீல் வாங்கி ஒப்படைப்பேன். காலை 6 மணிக்கு வண்டி எடுக்கலாம். கூப்பிட்டால் நேரில் வருகிறேன்."

இதற்கு மேல் நீட்டினால் வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடும். குடோன் சூப்பர்வைசர் அதைத் தட்டித் திறந்தெல்லாம் படிக்க மாட்டார்.

லைசென்ஸ் வரியில் தேதி போட்டதுதான் முதலில் பலன் தந்தது. "லைசென்ஸ் உண்டு" என்று எழுதினால் அடுத்த கேள்வியே "பேட்ஜ் இருக்கா?" என்றுதான் வரும், டிரான்ஸ்போர்ட் ஓட்டும் அனுமதியைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். சட்டப்படி பார்த்தால், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குச் சாதாரண எல்எம்வி லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் எல்லாம் அந்த எடைக்கு ரொம்பக் கீழே. ஆனாலும் முதலாளிகள் டிரான்ஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்கத்தான் செய்கிறார்கள், ஏதாவது விபத்து என்றால் இன்சூரன்ஸில் இழுத்தடிப்பார்கள் என்ற பயம் போகவில்லை. தீர்ப்பைக் காட்டி வாதாடி வேலை வாங்க முடியாது, இருந்தால் எழுதிவிடுங்கள். கார்டில் தேதி இரண்டு இருக்கும், சொந்த வண்டிக்கு ஒன்று, டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒன்று. பிந்தையது 5 வருடம்தான், அதனால் பெரும்பாலும் அதுதான் முதலில் முடியும். மெசேஜில் போட வேண்டியது அந்தத் தேதி. முடிந்த பிறகும் 30 நாள் ஓட்டலாம் என்று முன்பு இருந்த சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது, ஆனால் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம். இரண்டு மாதத்தில் முடியப்போகிற தேதியைப் பார்த்தால் கூப்பிட மாட்டார்கள், அதனால் புதுப்பித்துவிட்டு அனுப்புவது நல்லது.

லைசென்ஸ் போட்டோவை மட்டும் முதல் மெசேஜோடு அனுப்புவதில்லை. கார்டில் நம்பர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருக்கிறது, எதிரில் இருப்பவர் யாரென்றே தெரியாது. நேரில் போய் அசலைக் காட்டினால் போதும், அல்லது டிஜிலாக்கரில் திறந்து காட்டலாம். வேலை தர முன்பணம் கேட்கிற நம்பரை அப்போதே பிளாக் செய்துவிடுகிறேன்.

வண்டி வரிக்கு வருவோம். "எல்லா வண்டியும் ஓட்டுவேன்" என்பதை யாரும் நம்புவதில்லை. ஓட்டிய வண்டியின் பெயரும், இப்போது கையில் இருப்பது எது என்பதும் போதும். குட்டி யானை என்கிற டாடா ஏஸ் ஓட்டிப் பழகியவர் லோடு ஏற்றிய பிக்கப்பைப் பாலத்தில் இறக்கும்போது பிரேக் பிடிக்கிற தூரமே வேறு என்று வண்டி வைத்திருப்பவருக்குத் தெரியும். "மெக்கானிக் வேலை தெரியும்" என்று ஒருமுறை சேர்த்துப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் மற்ற வண்டிகளுக்கும் கிளட்ச் பார்க்கக் கூப்பிட்டார்கள். இப்போது அதை எழுதுவதில்லை. கேட்டால், ஸ்டெப்னி மாற்றுவேன், டீசல் தீர்ந்து நின்றால் ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்வேன் என்று அளவாகச் சொல்கிறேன்.

மெசேஜிலேயே அதிகம் வேலை செய்வது ஏரியா வரி. "சென்னை முழுக்கத் தெரியும்" என்றுதான் எல்லாரும் போடுகிறார்கள், மேப் இருக்கிற காலத்தில் அதற்கு அர்த்தமே இல்லை. வழி காட்ட மேப் போதும், சரக்கை எங்கே இறக்குவது என்று அது சொல்லாது. எங்கிருந்து எங்கே, என்ன மாதிரி இறக்கம் என்று எழுதியதும் ஒரு எலக்ட்ரிக்கல் சாமான் மொத்த வியாபாரியிடமிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர் லைசென்ஸ் பற்றிப் பேசவே இல்லை.

"அண்ணே, சவுகார்பேட்டைனு போட்டிருக்கீங்க. வண்டிய எங்க நிறுத்துவீங்க?"

"கடைங்க திறக்கிறதுக்கு முன்னாடி போனா தெரு முனை வரைக்கும் போகலாம். லேட்டானா வால்டாக்ஸ் ரோட்டுப் பக்கம் நிறுத்திட்டு மீன்பாடி வண்டிலதான் அனுப்பணும்."

"மீன்பாடி வண்டிக்கு யாரு காசு குடுப்பாங்க?"

"அத கடைக்காரர்கிட்ட நீங்க முன்னாடியே பேசிடணும் சார். நான் போய்க் கேட்டா சலான்ல சீல் போட மாட்டாரு."

"சரி, நாளைக்கு வாங்க."

அந்தக் கடைசி பதிலுக்காகத்தான் நேரில் வரச் சொன்னார் என்று நினைக்கிறேன். தங்கசாலைத் தெரு, கோடவுன் தெருப் பக்கம் சரக்கு போகிற எல்லாருக்கும் இருக்கிற தலைவலி அது. ஒரகடம் என்று போட்டால் கேள்வி வேறு மாதிரி வரும். பெரிய கம்பெனி கேட்டில் சேஃப்டி ஷூ இருக்கிறதா, வீல் சோக் வைத்திருக்கிறீர்களா, வண்டியின் தகுதிச் சான்றான எஃப்சியும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் வண்டி வெளியே நிற்கும், அன்றைய அடுத்த டிரிப் போச்சு. அங்கே போய்ப் பழகியவர் என்று தெரிந்தால் அந்தக் கவலை அவர்களுக்கு இல்லை. போகாத ஏரியாவைப் போட்டுவிட்டால் இந்த மாதிரி இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சீல் வரி சின்னதுதான், ஆனால் கணக்குப் பார்க்கிறவர்கள் கவனிக்கிறார்கள். சீல் இல்லாத சலான் வந்தால் பில் பணம் நிற்கும். நேர்காணலில், சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் பற்றியும் கேட்பார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கு என்றால் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் அது வேண்டும். வழியில் வண்டி நின்று வேறு வண்டிக்கு லோடு மாற்றினால், கிளம்புவதற்கு முன் புது வண்டி நம்பரை அந்த பில்லில் வண்டி விவரம் இருக்கும் பார்ட்-பியில் மாற்றச் சொல்லி ஆபீசுக்குப் போன் செய்வேன் என்று சொன்னால் மேற்கொண்டு கேட்பதில்லை.

இதில் தீராத குறை ஒன்று உண்டு. லோடு இறக்குவது யார் வேலை என்று மெசேஜில் இல்லை. ஒரு கம்பெனியில் டிரைவர் என்று எடுத்துவிட்டு 50 கிலோ மூட்டைகளை மாடிக்குத் தூக்கச் சொன்னார்கள், லோடு மேன் கூலியும் இல்லை, பேட்டாவும் ஏறவில்லை. அதன் பிறகு "லோடு இறக்க மாட்டேன்" என்று எழுதிப் பார்த்தேன், போன் வருவதே குறைந்துவிட்டது. இப்போது அந்த வரியை எடுத்துவிட்டு, நேரில் சம்பளம் பேசும்போது பேட்டாவோடு சேர்த்துக் கேட்கிறேன். விளம்பரத்தில் "டிரைவர் கம் டெலிவரி" என்று இருந்தால் தூக்கத்தான் வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி சம்பளம் பேசுங்கள்.

இந்த மெசேஜ் எல்லா இடத்துக்கும் ஆகாது. ஆப் வழியாக டூவீலர் டெலிவரிக்குச் சேர்வதென்றால் அவர்கள் ஃபாரத்தில் கேட்பதை நிரப்பினால் போதும். லைன் லாரிக்குப் புக்கிங் ஆபீஸில் தெரிந்தவர் சொல்ல வேண்டும். ஐந்தாறு வண்டி வைத்திருக்கும் விநியோகஸ்தர், குடோன், சின்ன டிரான்ஸ்போர்ட், இவர்களுக்குத்தான் இது சரி. அவர்களுக்கும் காலை வண்டி கிளம்புகிற நேரத்தில் அனுப்பினால் அடியில் போய்விடும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்பினால் அன்று மாலைக்குள் பதில் வந்துவிடுகிறது.