ஷாஃப்டில் சீல் கசிவு: சீல் மட்டுமா, பம்பையே மாற்றவா?

ஷாஃப்ட் வழியே தண்ணீர் வெளியேறாமல் தடுப்பது மெக்கானிக்கல் சீல்; அது நன்றாக இருந்தால் தண்ணீர் சொட்டவே கூடாது.

எப்படித் தெரியும்?
தரைமேல் பம்ப்: மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே சொட்டும், துருக்கறை படியும்.
எண்ணெய் அறை உள்ள நீர்மூழ்கி: வெளியே ஒன்றும் தெரியாது, திறந்தால் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கும், முற்றினால் மின்கசிவைக் கண்டு மின்சாரத்தை வெட்டும் இ.எல்.சி.பி. விழும்.

எவ்வளவு அவசரம்?
தரைமேல்: லேசான சொட்டு என்றால் சில நாள் தள்ளலாம், பேரிங்கில் தண்ணீர் ஏறி இரைச்சல் வருவதற்குள் பிரித்துவிடுங்கள்.
நீர்மூழ்கி: உடனே நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, மெகர் மீட்டரில் மோட்டார் வைண்டிங்கின் மின்காப்பைப் பாருங்கள்.

சரி, எதை மாற்றுவது? ஷாஃப்டில் ஆட்டமோ பள்ளமோ இல்லை, மின்காப்பும் சரி என்றால் சீல் மட்டும் போதும், ஆனால் அதன் சுழலும் முகத்தையும் நிலையான முகத்தையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பேரிங் ஆடினால் அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் புது சீலும் சீக்கிரம் போய்விடும். ஷாஃப்டும் தேய்ந்து வைண்டிங்கும் நனைந்திருந்தால் புது பம்ப்தான் என் தேர்வு.