மனை வாங்குகிறவர்களே, அகலத்தை நீங்களே அளங்க: எனக்குப் போனது 91,125 ரூபாய்

நேற்று சாயங்காலம்தான் தெரிய வந்தது. இன்னும் கை நடுங்குகிறது. பள்ளத்தூர் பக்கம் எங்கள் பழைய வீட்டை ஒட்டி ஒரு மனை, தெருவுக்குத் தெரு போகிற நீள மனை, காரைக்குடியில் இருக்கிற ஒரு மனைத் தரகு ஆபீஸ் மூலமாகப் போன மாதம் வாங்கினோம். சதுர அடி 900 ரூபாய். ஆத்தாவின் வளையலை அடகு வைத்த பணமும் இதில் இருக்கிறது.

அளந்த அன்றைக்கு நான் கூடவே நின்றேன். ஆபீஸ் பையன் ஒரு துணி டேப்பைக் கொண்டு வந்தான். ஒரு முனையை எங்கள் சுவரோரம் நான் பிடித்தேன், மறுமுனையோடு அவன் எதிர்ப்பக்கம் போய், முள்வேலி அடர்ந்திருந்த இடத்தை விட்டு நாலைந்து அடி தள்ளி, ஒரு புளியங்கன்று பக்கத்தில் நின்றுகொண்டு "இருபத்திரண்டரை அண்ணே" என்றான். நீளம் நூற்றெண்பதரை. பெரியவர் கால்குலேட்டரில் தட்டி 4061.25 சதுர அடி என்று எழுதினார். "முன்ன பின்ன அரை அடி இருக்கும் ஆச்சி, கூடியதும் குறைஞ்சதும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிரும்" என்று ஆத்தாவிடம் சிரித்தபடி சொன்னார். ஆத்தாவும் தலையாட்டினாள், நானும் சரி என்றேன். 36,55,125 ரூபாய் கொடுத்தோம்.

நேற்று காம்பவுண்டுக்கு வாணம் தோண்ட வந்த மேஸ்திரி நூல் கட்டி, மூலைமட்டம் வைத்து, இரும்பு டேப்பால் அளந்தார். அகலம் சரியாக 22 அடி. மூன்று இடத்தில் அளந்தும் 22தான். நீளம் 180. பெருக்கினால் 3960. அதாவது 101.25 சதுர அடி இல்லாத நிலத்துக்கு 91,125 ரூபாய்.

உடனே போன் போட்டேன். "அரை அடியெல்லாம் ஒரு கணக்கா அண்ணே, 180 அடியில" என்றான் பையன். பெரியவர் "மேஸ்திரி டேப் தப்பா இருக்கும், நாளைக்குப் பேசுவோம்" என்று வைத்துவிட்டார். காலையில் நேரில் போனால் அவர் ஊரில் இல்லையாம், பத்திரம் முடிந்த பிறகு பேச என்ன இருக்கிறதாம்.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீளத்தில் கூடின அரை அடி 22 அடி அகலத்தின் மேல்தான் விழுகிறது, அதனால் வெறும் 11 சதுர அடி. அகலத்தில் கூடின அரை அடியோ 180 அடி நீளம் முழுக்க ஓடுகிறது: 90 சதுர அடி! இரண்டும் சேரும் மூலையில் கால் சதுர அடி. 11, 90, 0.25, கூட்டினால் அதே 101.25. பையன் பேசியது நீளத்தை வைத்து, என் பணம் போனதோ அகலத்தில். 180ல் அரை அடி என்பது நூற்றுக்குக் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், 22ல் அரை அடி நூற்றுக்கு இரண்டேகால் பங்கு. இரண்டும் பரப்பில் கூடித்தான் நிற்கும். இந்த மனையில் அகலத்தில் ஓர் அங்குலம் தவறினால் 13,500 ரூபாய், நீளத்தில் அதே அங்குலம் தவறினால் 1,650தான்.

அப்புறம் "சரியாப் போயிரும்" என்றாரே, அதுவும் பொய். டேப்பைக் கோணலாகப் பிடித்தாலும் தொய்வாகப் பிடித்தாலும் அளவு கூடத்தான் செய்யும், ஒருக்காலும் குறையாது. 22 அடி அகலத்தில் நாலே முக்கால் அடி தள்ளி நின்றாலே டேப் இருபத்திரண்டரை காட்டும். அந்தப் புளியங்கன்று நிற்கிற தூரம் அதேதான், காலையில் அளந்து பார்த்தேன்.

வாங்கப் போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். இரும்பு டேப் கொண்டு போங்கள். ஒரு முனையை அசையாமல் பிடித்து, மறுமுனையை எல்லைக்கோட்டில் இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள், இழுத்துப் பிடித்த டேப்பில் வருகிற ஆகக் குறைந்த அளவுதான் அகலம். முன்புறம், நடு, பின்புறம் மூன்றிலும் பாருங்கள். "அரை அடி முன்ன பின்ன" என்று யாராவது சொன்னால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கூட்டியும் குறைத்தும் பெருக்குங்கள்: இந்த மனைக்கு 180.5 × 22.5 = 4061.25, 179.5 × 21.5 = 3859.25. நடுவில் 202 சதுர அடி நிற்கிறது. நான் அதைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். 91,125 ரூபாய். ஆத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.