வாழைக்குப் பொட்டாஷ்: எம்ஓபியா, எஸ்ஓபியா?

தமிழ்நாட்டில் நன்செய் அல்லாத தோட்டக்கால் வாழைக்கு, நேந்திரன் நீங்கலான ரகங்களில், மரம் ஒன்றுக்கு 330 கிராம் சாம்பல் சத்து இட வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இது தழைச்சத்துக்குச் சொல்லப்படும் 110 கிராமைப்போல மூன்று மடங்கு. இந்த 330 கிராமை எம்ஓபி எனப்படும் பொட்டாசியம் குளோரைடாக இடுவதா, எஸ்ஓபி எனப்படும் பொட்டாசியம் சல்பேட்டாக இடுவதா என்ற கேள்விக்கு, எஸ்ஓபியே உயர்ந்தது என்ற பதில்தான் பொதுவாகக் கிடைக்கிறது. அதன் விலை அதிகம் என்பதால் பிறந்த மதிப்பும் அதில் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பயிருக்குள் போன பிறகு இரண்டும் தருவது ஒரே பொட்டாசியம் அயனியைத்தான். இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்பு செல்களுக்குள் இந்த அயனி புகும்போது நீரும் பின்தொடர்ந்து நுழைகிறது. செல்கள் உப்பி வளைய, துளை திறக்கிறது. அயனி வெளியேறினால் செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்கிறது. பொட்டாசியத்தின் நேர்மின்னூட்டத்தைச் சமன்செய்ய மாலேட் என்னும் கரிம அமில அயனியோடு குளோரைடும் உடன் செல்கிறது என்பதால், எம்ஓபியில் உள்ள குளோரைடை வெறும் நஞ்சு என்று ஒதுக்க இயலாது. பொட்டாசியம் குறைந்த மரத்தில் துளைகள் மந்தமாகத் திறக்கின்றன, வெயிலில் நேரத்துக்கு மூடுவதும் இல்லை. இதனுடன், சர்க்கரையை மாவுச்சத்தாக்கும் நொதி உட்பட ஏறத்தாழ 60 நொதிகள் இயங்குவதற்குப் பொட்டாசியம் தேவைப்படுவதால், அது குறையும்போது இலையில் உருவாகும் சர்க்கரை தாருக்குப் போய்ச் சேராமல் தேங்குகிறது. காய்கள் ஒல்லியாகவும் கோணலாகவும் நின்று, பழுத்த பின்னும் இனிப்புக் குறைவாகவே இருக்கின்றன.

இந்தக் குறை முதலில் தெரிவது அடியிலைகளில்தான். பொட்டாசியம் எந்தச் சேர்மத்திலும் கட்டுண்டு கிடக்காமல் அயனியாகவே இருப்பதால், பற்றாக்குறை வந்ததும் மரம் அதை முதிர்ந்த இலையிலிருந்து எடுத்து இளங்குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. நுனியிலும் ஓரத்திலும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் படர்ந்து, பின்பு அந்த ஓரம் பழுப்பாகிக் கருகி, கருகல் நடுநரம்பை நோக்கி நகர்கிறது. இலையின் நுனி அடிப்பக்கமாக வளைந்து, சில நாட்களில் முழு இலையும் காய்ந்து தொங்கும்.

சிக்கல் என்னவென்றால், உப்புநீரால் வரும் கருகலும் இதே அடியிலைகளின் ஓரத்தில்தான் தொடங்குகிறது. நீராவிப்போக்கோடு வரும் குளோரைடும் சோடியமும் கடைசியில் போய்ச் சேரும் இடம் இலையின் ஓரம். இதைச் சாம்பல் சத்துக் குறை என்று எண்ணி இன்னும் எம்ஓபி போட்டால் கருகல் கூடுமே தவிரக் குறையாது. பார்வையில் ஒரு வேறுபாடு உண்டு: பற்றாக்குறையில் மஞ்சள் அகலமாகப் படர்ந்த பிறகே கருகல் வரும்; உப்பில் பச்சை இலையின் விளிம்பிலேயே ஒடுங்கிய பழுப்புப் பட்டை தோன்றும், பாத்தி மேட்டில் வெள்ளைப் பூப்பும் காணப்படும். ஐயம் நீங்க, மேலிருந்து மூன்றாவது இலையைப் பரிசோதிக்கலாம். பொட்டாசியம் 3 சதவீதத்துக்கு வெகுவாகக் கீழே இருந்தால் பற்றாக்குறை உறுதி.

இனி கணக்குக்கு வருவோம். எம்ஓபியில் சாம்பல் சத்து 60 சதவீதம். 330 கிராமுக்கு 550 கிராம் உரம் வேண்டும். எஸ்ஓபியில் 50 சதவீதம் என்பதால் 660 கிராம் வேண்டும், அதாவது கிலோ விலை கூடுதலாக இருப்பதோடு எடையும் கூடுகிறது. ஆயிரம் மரம் உள்ள தோட்டத்தில் எம்ஓபி வழியாக மண்ணுக்குப் போகும் குளோரைடு சுமார் 250 கிலோ. நல்ல ஆற்றுப்பாசனமும் வடிகாலும் உள்ள நிலத்தில், உரத்தை நட்ட 3, 5, 7ஆம் மாதங்களில் பிரித்து இட்டால் இந்தக் குளோரைடு நீரோடு கீழே கழுவப்பட்டுவிடும். அங்கே எஸ்ஓபிக்குச் செலவிடும் கூடுதல் பணத்துக்குத் தாரில் பதில் கிடைப்பது அரிது. எஸ்ஓபி கந்தகமும் தருகிறது என்பார்கள்; மண்ணில் கந்தகம் ஏற்கெனவே போதிய அளவில் இருந்தால் அந்த வாதமும் நிற்காது. ஆனால் கிணற்று நீரில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டி, மண் இறுகிய களியாகவும் இருந்தால், நான் தயங்காமல் எஸ்ஓபியைத்தான் தேர்வேன். ஏற்கெனவே உப்பு தேங்கும் இடத்தில் 250 கிலோ குளோரைடைக் கூட்டுவது காசு கொடுத்துக் கருகலை வாங்குவதாகும். (சாம்பலே போதும் என்பவர்களுக்கு: 5 சதவீதம் சத்துள்ள விறகுச் சாம்பலானால் மரத்துக்குச் சுமார் ஆறரைக் கிலோ வேண்டும், அத்தனையும் மண்ணின் காரத்தன்மையை ஏற்றும்.)

எஸ்ஓபிக்கும் குறை உண்டு. அது தண்ணீரில் எம்ஓபியைவிடக் குறைவாகவும் மெதுவாகவும் கரைவதால், சொட்டுநீர்த் தொட்டியில் அவசரமாகக் கலக்கினால் அடியில் தங்கும். கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே தொட்டியில் கலந்தாலோ, ஜிப்சம் படிந்து சொட்டுவான்கள் அடைபடும்.

எம்ஓபி இட்ட தோட்டத்திலும் எஸ்ஓபிக்கு ஓர் இடம் உண்டு, அது தார் மீதான தெளிப்பு. கடைசிச் சீப்பு விரிந்து பூவை ஒடித்த பின் ஒரு முறையும், 30 நாள் கழித்து மறுமுறையும், 10 லிட்டர் நீருக்கு 150 முதல் 200 கிராம் எஸ்ஓபியை ஒட்டும் திரவத்தோடு கலந்து காய்கள் நனையத் தெளிப்பார்கள். இளங்காயின் தோலைக் குளோரைடு எரித்துவிடும் என்பதால் இங்கே எம்ஓபியைப் பயன்படுத்துவதில்லை.