ரிலே கிட் வாங்கும்முன் வயரிங் படத்தைப் பாருங்கள் – 1,850 ரூபாய் போச்சு

வண்ணாரப்பேட்டைப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கிட் விற்கும் கடை ஒன்று. செல்போனில் லைட் போட்டு அணைக்கும் கிட், 1,850 ரூபாய். அக்கா பையன் காலேஜ் ப்ராஜெக்டுக்காக வாங்கிக் கொடுத்தேன். லேமினேட் செய்த கலர் படத்தை நீட்டி, "கலரைப் பார்த்து அப்படியே மாட்டுங்கண்ணா, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் பையன் நம்பினான். படத்தில் இருந்தபடியேதான் மாட்டினான். லைட்டைப் போட்டு அணைக்கும் மின் ஸ்விட்சான ரிலே 'டிக்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ESP8266 வைஃபை போர்டில் ரிலேக்கு வயர் போன அவுட்புட் பின் செத்தது.

படத்தை வாங்கிப் பார்த்தால் வயிறு எரிகிறது. போர்டின் அவுட்புட் பின்னிலிருந்து ஒரே கோடு, நேராக ரிலேக்குள் இருக்கும் காந்தக் காயிலுக்குப் போகிறது. நடுவில் டிரான்சிஸ்டர் இல்லை, டயோடும் இல்லை. அந்த 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 ஓம். இழுக்க ஏறக்குறைய 70 மில்லிஆம்பியர் வேண்டும். அந்தப் பின் தருவது 3.3 வோல்ட், தாங்குவது 12 மில்லிஆம்பியர்தான். ரிலே எப்படி இழுக்கும்?

சரியான படத்தில் காயிலின் ஒரு முனை 5 வோல்ட்டுக்கும், மறுமுனை 2N2222 போன்ற டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் போகும். எமிட்டர் கிரவுண்டுக்கு. போர்டின் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸ் முனைக்கு. காயிலுக்குக் குறுக்கே 1N4007 டயோடு, அதன் வெள்ளைக் கோடு 5 வோல்ட் பக்கம். காயில் அணையும்போது எழும் எதிர் வோல்ட்டேஜை அந்த டயோடுதான் விழுங்கும். அது இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

இதைவிட ஆபத்து படத்தின் மறுபக்கம். ரிலேயின் ஸ்விட்ச் முனைகளான COM, NO இரண்டுக்கும் நடுவில் நியூட்ரலை வெட்டி, கரண்ட் வரும் ஃபேஸ் வயரை நேராக பல்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். லைட் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். பல்பு மாற்றக் கை வைக்கிறவன் கதி? COM-இல் ஃபேஸ் நுழைந்து, NO வழியாக பல்புக்குப் போக வேண்டும். நியூட்ரல் வெட்டாமல் நேராக பல்புக்கு. காயிலுக்கும் கான்டாக்டுக்கும் நடுவில் புள்ளிக்கோடு இருந்தால் அது வயர் இல்லை, காந்தம் கான்டாக்டை இழுப்பதைக் காட்டுவது. அங்கே வயர் மாட்டிவிடாதீர்கள்.

கடையில் கேட்டால் முதலில் "தப்பா மாட்டியிருப்பீங்க". படத்தை எதிரில் விரித்துக் காட்டினால் "படம் மேல இருந்து வர்றது, நாங்க விக்கிறதோட சரி". அப்புறம் "ஓனர் வரட்டும்". இப்போது போனே எடுப்பதில்லை. 1,850 ரூபாய்! போர்டும் மாற்றித் தரவில்லை, பணமும் தரவில்லை.

வாங்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. படத்தில் டயோடு இல்லையென்றால் வாங்காதீர்கள். ரிலே வெட்டுவது ஃபேஸா நியூட்ரலா என்று கேளுங்கள். பில்லில் ரிட்டர்ன் உண்டு என்று எழுதி வாங்குங்கள். மாட்டும்போது மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே வயரைத் தொடுங்கள்.